காமா சார்பு: அரையின் காரணியம் எப்படி வருகிறது, என் விடை ஏன் 1.71 இல் நிற்கிறது?

வந்தாறுமூலை_மாணவன்

எல்லாருக்கும் வணக்கம். கணிதம் இரண்டாம் வருடம். ஒப்படை ஒன்றில் Γ(1/2) ஐ எண்முறையில் கணித்து √π உடன் ஒப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். வரைவிலக்கணம் தெரியும்:

Γ(x) = ∫₀^∞ t^(x−1) e^(−t) dt

x = 1/2 என்று போட்டால் உள்ளே இருப்பது e^(−t)/√t. t = 0 இல் பூச்சியத்தால் வகுக்க வரும் என்பதால் ஒவ்வொரு துண்டின் நடுப்புள்ளியையும் எடுத்துக் கூட்டினேன்.

```python
from math import exp, sqrt
h = 0.01
s = 0
for k in range(5000):
    t = h*(k + 0.5)
    s += h*exp(-t)/sqrt(t)
print(s)
```

வரவேண்டியது 1.7725. வருவது 1.7119. h ஐ 0.0001 ஆக்கி, 50 வரை போவதற்குத் துண்டுகளையும் கூட்டினால் 1.7664. நூறு மடங்கு வேலை செய்தும் இரண்டாம் தசமமே சரியாக இல்லை. மற்றத் தொகையீடுகளுக்கெல்லாம் இதே முறை நன்றாக வேலை செய்தது.

இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். என் கையிலிருக்கும் கல்குலேட்டரில் 0.5! அடித்தால் பிழை காட்டுகிறது, போனில் அடித்தால் 0.8862 என்கிறது. 1 × 2 × 3 என்று பெருக்கிப் போவதுதானே காரணியம், அதற்கு அரை எங்கிருந்து வந்தது? விரிவுரையில் "இது காரணியத்தின் நீட்சி" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போய்விட்டார்கள்.

ஒலுவில்காரன்

மச்சான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. t = 0 இல் 1/√t முடிவிலிக்குப் போகுது. முடிவிலிக்குப் போற சார்பை முடிவிலி வரை தொகையிட்டால் விடை எப்படி நிற்கும்? h ஐக் குறைக்கக் குறைக்க விடை கூடிக்கொண்டே போகுது பார், 1.71, 1.766. இன்னும் குறைத்தால் இன்னும் கூடும். அது ஒருங்காது, விரியும். √π என்பது ஏதோ வேற வழியில் வரைவிலக்கணமாக வைத்திருக்கிற பெறுமானமாக இருக்கும்.

கல்லாற்றுக்காரி

ஒலுவில் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. பூச்சியத்துக்குக் கிட்டப் போகப் போக 1/√t கட்டில்லாமல் உயர்கிறது, அதனால்தான் இதை இம்ப்ராப்பர் தொகையீடு என்கிறோம். ஆனால் உயரம் கட்டில்லாமல் போனால் பரப்பும் கட்டில்லாமல் போகும் என்று ஒரு சட்டமும் இல்லை. பூச்சியத்திலிருந்து தொடங்காமல் ε என்ற சின்ன எண்ணிலிருந்து 1 வரை 1/√t ஐத் தொகையிட்டுப் பாருங்கள். 2 − 2√ε வரும். ε ஐப் பூச்சியத்துக்குக் கொண்டுபோனால் 2. அவ்வளவுதான், நிற்கிறது. அதையே 1/t க்குச் செய்தால் −ln ε வரும், அது நிற்காது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எல்லை: t இன் அடுக்கு −1 ஐ விடப் பெரிதாக இருந்தால் பரப்பு முடிவுள்ளது. நம்முடைய அடுக்கு x − 1, ஆகவே x > 0 என்றால் பூச்சியப் பக்கம் பிரச்சினை இல்லை.

முடிவிலிப் பக்கத்தை e^(−t) பார்த்துக்கொள்ளும். x = 10 என்றே வையுங்கள், t^9 பயங்கரமாக வளரும், ஆனாலும் t^9 e^(−t) இன் உச்சி t = 9 இல், அதன் பிறகு இறக்கம்தான். t = 50 வரும்போது அதன் பெறுமானம் பத்து இலட்சத்தில் ஒன்றுக்கும் கீழே. எந்த அடுக்கைப் போட்டாலும் கடைசியில் e^(−t) வெல்லும். ஆகவே இந்தத் தொகையீட்டுக்கு ஆபத்து இரண்டு முனையிலும் இருக்கிறது, ஆனால் x எவ்வளவு என்று கேட்டு நிற்பது இடது முனை மட்டும்தான்.

இப்போது உங்கள் 1.7119. முதல் துண்டை மட்டும் எடுங்கள், 0 இலிருந்து h வரை. உண்மையான பரப்பு ஏறக்குறைய 2√h. நீங்கள் எடுத்தது நடுப்புள்ளி h/2 இல் உயரம், அதாவது √(2/h), அதை h ஆல் பெருக்கினால் √(2h), அதாவது 1.414√h. மிச்சம் 0.586√h காணாமல் போய்விட்டது. h = 0.01 என்றால் உண்மையில் 0.2 இருக்கவேண்டிய இடத்தில் 0.1414 எடுத்திருக்கிறீர்கள். குறைவது 0.0586. உங்கள் மொத்தக் குறை 0.0605. அதாவது பிழை கிட்டத்தட்ட முழுவதும் முதல் துண்டிலேயே இருக்கிறது. மற்ற 4999 துண்டும் நல்லபிள்ளைகள்.

பிழை h க்கோ h² க்கோ விகிதசமமாக இல்லை, √h க்கு விகிதசமம். அதனால்தான் h ஐ 100 மடங்கு குறைத்தும் பிழை 10 மடங்கு மட்டும் குறைந்தது, 0.0605 இலிருந்து 0.00605. இதைச் சரிபார்க்க 0.000001 போட்டும் பார்க்கலாம், 1.77185 க்குக் கிட்ட வரவேண்டும், ஆனால் பைதன் ஐந்து கோடி தரம் சுற்றவேண்டும், கரண்ட் போகாமல் இருந்தால் செய்யுங்கள்.

ஒலுவில்காரன்

சரி, ஒருங்குது. ஆனாலும் கம்பியூட்டரில் ஒருங்குதா விரியுதா என்று எப்படிப் பிரிக்கிறது? விடை கூடிக்கொண்டேதானே போகுது.

கல்லாற்றுக்காரி

கூடுவதைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு தரமும் எவ்வளவால் கூடுகிறது என்று பாருங்கள். h ஐ நூறு மடங்காகக் குறைத்துப் போகும்போது 1.7119, 1.7664, 1.7718. கூடியது முதலில் 0.0545, பிறகு 0.0054. பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது, ஆகவே நிற்கும். 1/√t க்குப் பதில் 1/t போட்டு அதே நிரலை ஓட்டுங்கள். ஒவ்வொரு தரமும் கிட்டத்தட்ட ஒரே அளவால் கூடும், ln 100, அதாவது 4.6. அதற்கு முடிவே இல்லை. ஆனால் இது நிறுவல் இல்லை, சந்தேகத்தைத் தீர்க்கிற வழி மட்டும்தான். நிறுவலுக்கு ε ஓடுதான் போகவேண்டும்.

உன்னிச்சை_வயல்

இங்கே காமா பற்றிப் பேசுவதைப் பார்த்து வந்தேன், என் விசயமும் இதுதான் என்று நினைக்கிறேன். நான் கணிதக்காரன் இல்லை. மாரி மழைத் தரவை வைத்து எக்செலில் காமாப் பரம்பல் பொருத்திக்கொண்டிருக்கிறேன், பெரும்போகத்துக்கு எந்தக் கிழமையில் விதைக்கலாம் என்று பார்ப்பதற்கு. நாளாந்த மழைக்கு வடிவப் பரமானம் 0.7 என்று வந்தது. வரைபைப் போட்டால் பூச்சியத்தில் கோடு மேலே போய் மறைந்துவிடுகிறது. நிகழ்தகவு ஒன்றை விடக் கூடுமா? என் தரவு பிழையா?

கல்லாற்றுக்காரி

அண்ணன், உங்கள் விசயமும் இதேதான், ஆனால் தரவில் பிழை இல்லை. நீங்கள் பார்ப்பது அடர்த்தி, நிகழ்தகவு இல்லை. அடர்த்தி எவ்வளவு உயரமாகவும் போகலாம், கீழே உள்ள பரப்பு மொத்தம் 1 ஆக இருந்தால் போதும். உங்கள் சார்பில் t^(0.7−1), அதாவது t^(−0.3) இருக்கிறது, அது பூச்சியத்தில் உயர்கிறது, ஆனால் அடுக்கு −1 ஐ விடப் பெரிது, ஆகவே பரப்பு முடிவுள்ளது. அந்தப் பரப்பு சரியாக 1 ஆக வரவேண்டும் என்பதற்காகத்தான் சூத்திரத்தின் கீழே Γ(0.7) நிற்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன், மழையே பெய்யாத நாட்களையும் பூச்சியம் என்று சேர்த்துப் பொருத்தினீர்களா? அவற்றைத் தனியாகப் பிரித்து, பெய்த நாட்களுக்கு மட்டும் காமா பொருத்தவேண்டும். வடிவம் 1 க்குக் கீழே இருந்தால் பூச்சியத்தில் அடர்த்திக்குப் பெறுமானமே கிடையாது.

உன்னிச்சை_வயல்

பிரித்துத்தான் செய்தேன். நன்றி தங்கச்சி. வேற ஒன்று, GAMMA(172) என்று அடித்தால் எக்செல் பிழை காட்டுது, 171 க்குக் காட்டவில்லை. அதைப் பிறகு கேட்கிறேன், இப்ப தம்பியின் கேள்வி நடக்கட்டும்.

அக்கரைப்பற்று_நானா

மாணவத் தம்பியின் இரண்டாவது கேள்விக்கு ஒருவரும் வரவில்லை. நான் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவன், எனக்குப் பிடித்த வழியைச் சொல்கிறேன், புத்தகத்தில் பகுதிகளாகத் தொகையிட்டுக் காட்டுவார்கள், அது வேறு.

எல்லாருக்கும் தெரிந்த ஒரு தொகையீட்டில் தொடங்குங்கள். a > 0 என்றால்

∫₀^∞ e^(−at) dt = 1/a

இப்போது இரு பக்கத்தையும் a குறித்து வகையிடுங்கள், t குறித்து அல்ல. இடது பக்கம் உள்ளே ஒரு −t இறங்கும். வலது பக்கம் −1/a². குறி வெட்டுப்பட்டு ∫ t e^(−at) dt = 1/a². இன்னொரு தரம்: ∫ t² e^(−at) dt = 2/a³. இன்னொரு தரம்: 3·2/a⁴. ஒவ்வொரு தரமும் வலது பக்கத்தில் அடுக்கு ஒன்று கீழே இறங்கிப் பெருக்கலாக நிற்கிறது: முதலில் 1, பிறகு 2, பிறகு 3. காரணியம் அங்கேதான் உருவாகிறது. n தரம் செய்தபின் a = 1 போடுங்கள்:

∫₀^∞ t^n e^(−t) dt = n!

இப்போது இந்தச் சமன்பாட்டை நன்றாகப் பாருங்கள் தம்பி. வலது பக்கத்து n எத்தனை தரம் பெருக்கினோம் என்ற எண்ணிக்கை, அது அரையாக இருக்க முடியாது. இடது பக்கத்து n வெறும் அடுக்கு. t^(0.5) என்றால் √t, யாருக்கும் ஆட்சேபனை இல்லை. ஆகவே இடது பக்கத்தில் n = 0.5 போட்டுப் பரப்பை அளக்கலாம், வருகிற எண்ணை 0.5! என்று அழைக்கிறோம். பெருக்கிப் பார்த்தது அல்ல, அளந்து பார்த்தது.

ஒய்லர் 1730 தை மாதம் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில் இதே தொகையீட்டை வேறு உடுப்பில் எழுதியிருந்தார், 0 இலிருந்து 1 வரை (−ln s)^n என்று. s = e^(−t) என்று பிரதியிட்டால் நம்முடையது வரும். Γ என்ற எழுத்தையும் அந்த "ஒன்று குறைந்த" வழக்கத்தையும் பிறகு கொண்டுவந்தவர் லெஜெண்டர். Γ(n+1) = n! என்று ஒன்றைக் கூட்டிக் கூட்டி நாம் படும் பாடு அவரால் வந்தது. காவுஸ் தனக்கென்று வேறு குறியீடு வைத்து ஒன்று குறையாமல்தான் எழுதினார், ஆனால் நின்றது லெஜெண்டருடையது.

வந்தாறுமூலை_மாணவன்

சேர், இது எங்கள் குறிப்பில் இல்லவே இல்லை, மிக்க நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். n = 0.5 போட்டு வந்த எண்ணை ஏன் காரணியம் என்று அழைக்கவேண்டும்? நிறையெண்களில் ஒத்துப்போவது மட்டும் போதுமா?

கல்லாற்றுக்காரி

போதாது, அதற்குத்தான் பகுதிகளாகத் தொகையிடல் தேவைப்படுகிறது. காரணியத்தின் குணம் என்ன? முந்தியதை இந்த எண்ணால் பெருக்கினால் இது, n! = n × (n−1)!. அந்தக் குணம் பின்னங்களிலும் நிலைக்கவேண்டும். t^x ஐ வகையிட்டு e^(−t) ஐத் தொகையிடுங்கள்:

∫₀^∞ t^x e^(−t) dt = [−t^x e^(−t)]₀^∞ + x ∫₀^∞ t^(x−1) e^(−t) dt

அடைப்புக்குள் உள்ளது முடிவிலியில் பூச்சியம். பூச்சியத்தில்? t^x பூச்சியமாக x > 0 ஆக இருக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் பரீட்சையில் "இரு முனையும் பூச்சியம்" என்று எழுதிவிட்டுக் கடந்துபோவார்கள், அந்த நிபந்தனையை எழுதாமல். எழுதுங்கள், முழு விசயமும் அங்கேதான் தொங்குகிறது. மிச்சம் Γ(x+1) = x Γ(x), நேர் x எல்லாவற்றுக்கும், நிறையெண்ணுக்கு மட்டும் அல்ல.

3 க்குச் செய்தால் 3 × 2 × 1 × ∫ e^(−t) dt, கடைசித் தொகையீடு 1, ஆகவே 6. அரைக்குச் செய்தால் ஒரு படி இறங்கி ½ × ∫ e^(−t)/√t dt இல் நிற்பீர்கள். இன்னொரு படி இறங்கினால் t^(−3/2), அது விரியும். 3 இலிருந்து இறங்கியவர் 1 இல் வந்து சேர்ந்தார், அரையிலிருந்து இறங்குபவருக்குச் சேர இடமில்லை. அதனால்தான் Γ(1/2) ஐத் தனியாகக் கண்டுபிடிக்கவேண்டியிருக்கிறது, உங்கள் ஒப்படையும் அதையே கேட்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் பிறகு எல்லா அரைகளும் இலவசம்: 0.5! = √π/2 = 0.8862, 1.5! = 1.5 × 0.8862 = 1.3293, 2.5! = 2.5 × 1.3293 = 3.3234. 2 க்கும் 6 க்கும் நடுவில் இருக்கிறதா? இருக்கிறது.

சந்திவெளி77

நடுவில் இருந்தால் போதுமா? புள்ளிகள் 1, 1, 2, 6, 24. அவற்றுக்கு நடுவால் கோடு போட ஆயிரம் வழி இருக்கு. ஒரு தொகையீட்டைக் கொண்டுவந்து "இதுதான் காரணியம்" என்றால் நான் ஏன் நம்பவேணும்?

ஒலுவில்காரன்

அதுதான் f(x+1) = x f(x) என்ற நிபந்தனை இருக்கே. அதுவும் f(1) = 1 உம் இருந்தால் சார்பு ஒன்றே ஒன்றுதான். மழமழப்பாகவும் இருக்கவேணும், சும்மா முறித்து முறித்துக் கோடு போட ஏலாது.

கல்லாற்றுக்காரி

இல்லைத் தம்பி, ஒன்றே ஒன்று இல்லை. Γ(x) ஐ 1 + 0.1 sin(2πx) ஆல் பெருக்குங்கள். x ஐ ஒன்றால் கூட்டினால் சைன் மாறாது, ஆகவே உங்கள் நிபந்தனை அப்படியே இருக்கும். நிறையெண்களில் சைன் பூச்சியம், ஆகவே 1, 1, 2, 6 எல்லாம் சரி. எவ்வளவு தரமும் வகையிடலாம். ஆனால் அது காமா இல்லை. சந்திவெளி கேட்டது சரியான கேள்வி.

அதற்கு விடை 1922 இல் போர், மோலெரூப் என்ற இரண்டு டென்மார்க்காரர் கொடுத்தார்கள். சார்பின் மடக்கையை எடுத்து வரைந்தால் அந்தக் கோடு எங்கும் மேல்நோக்கி வளைந்திருக்கவேண்டும், ஓர் இடத்திலும் கீழே குனியக்கூடாது. இந்த ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் சார்பு ஒன்றே ஒன்று, அது காமாதான். ஏன் என்று உணர்வதற்கு அந்தச் சைனையே பாருங்கள். ln Γ(x) இன் இரண்டாம் பெறுதி, அதாவது வளைவு, பெரிய x க்கு ஏறக்குறைய 1/x, போகப் போகச் சிறிதாகிறது, கோடு நிமிர்ந்துகொண்டே போகிறது. சைன் கொண்டுவரும் நெளிவோ ஒவ்வொரு படியிலும் அதே அளவு, சிறுப்பதே இல்லை. 0.1 க்குப் பதில் 0.0001 போட்டாலும் ஓர் இடத்தில் 1/x அதற்கும் கீழே போய்விடும், அங்கே கோடு கீழே குனிந்துவிடும். ஆகவே எவ்வளவு சின்ன நெளிவைச் சேர்த்தாலும் தூரத்தில் பிடிபட்டுவிடும்.

நம் தொகையீடு அந்த நிபந்தனைக்கு ஏன் பொருந்துகிறது என்றால், ஒவ்வொரு t க்கும் t^(x−1) இன் மடக்கை x இல் ஒரு நேர்கோடு, e^(−t) எப்போதும் நேர். மடக்கை நேர்கோடாக உள்ளவற்றை நேர் நிறைகளால் கூட்டினால் மடக்கை மேல்நோக்கித்தான் வளையும், கோசி–சுவார்ஸ் சமனிலி அதைச் சொல்கிறது. ஆகவே தொகையீடாக எழுதியதே அந்தக் குணத்தை இலவசமாகத் தருகிறது.

சந்திவெளி77

விளங்குது. ஆனால் "மடக்கை மேல்நோக்கி வளையவேணும்" என்பதும் நீங்கள் வைத்த நிபந்தனைதானே. வேற யாராவது வேற நிபந்தனை வைத்தால் வேற சார்பு வரும்.

கல்லாற்றுக்காரி

வரும். ஹடமார்ட் ஒன்று செய்திருக்கிறார், அது மறை எண்களிலும் எங்கும் உடையாது, நிறையெண்களில் காரணியமும் வரும். ஆனால் அதற்கு f(x+1) = x f(x) பின்னங்களில் நிலைக்காது, கூடவே ஓர் உறுப்பு ஒட்டிக்கொண்டு வரும். நான் அந்தப் பெருக்கல் குணத்தை விடமாட்டேன், அதை விட்டால் காரணியம் என்று பேர் எதற்கு. சிக்கலெண்களுக்குப் போனால் வீலண்ட் 1939 இல் கொடுத்த இன்னொரு நிபந்தனை இருக்கிறது, அங்கேயும் இதே காமாதான் வருகிறது. வேறு வேறு பக்கத்திலிருந்து வந்தும் ஒரே இடத்தில் சேர்கிறது என்பது எனக்குப் போதும்.

சந்திவெளி77

உங்களுக்குப் போதும், எனக்கு இன்னும் முழுசாகப் போதவில்லை. ஏன் மடக்கை, ஏன் வெறும் வளைவு போதாது? சரி, தம்பியின் இழையைக் கெடுக்கவில்லை.

அக்கரைப்பற்று_நானா

வெறும் வளைவு போதாது என்பதற்குக் காரணம் சொல்லலாம் சந்திவெளி. Γ தானே பயங்கரமாக மேல்நோக்கி வளைகிறது, அதில் சின்னச் சைன் ஒன்றை ஒளித்துவைத்தால் அந்தப் பெரிய வளைவு அதை மூடிவிடும், வெளியே தெரியாது. மடக்கை எடுத்தபின்தான் மூட ஒன்றும் மிஞ்சாது. "ஏன் இயற்கையானது" என்ற கேள்வி அதோடு தீராது, அது உண்மை.

ஒலுவில்காரன்

இன்னொன்று. x > 0 என்றால்தான் ஒருங்கும் என்று நீங்களே சொன்னீங்கள். பைதனில் math.gamma(-0.5) அடித்தேன், −3.5449 என்று வந்தது. t^(−3/2) e^(−t) எங்கும் நேர். நேர்ச் சார்பின் பரப்பு மறை ஆகுமா? இது பைதனின் பிழை.

கல்லாற்றுக்காரி

நல்ல பிடி. பரப்பு மறை ஆகாது, அந்தத் தொகையீடு விரியும், அதற்கு விடையே இல்லை. பைதன் தந்தது பரப்பு அல்ல. Γ(x+1) = x Γ(x) ஐத் திருப்பிப் போட்டு Γ(x) = Γ(x+1)/x என்று இடது பக்கம் படி இறங்கிய எண் அது: Γ(−0.5) = Γ(0.5)/(−0.5) = −2√π. தொகையீடு x > 0 வரைக்கும் நம்மைக் கொண்டுபோய் விட்டது, அதற்கு அப்பால் அந்தச் சமன்பாடு கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறது. பூச்சியத்தில் மட்டும் Γ(1)/0 வரும், அங்கே உடையும், அதனால் −1, −2 எல்லாவற்றிலும் உடையும். (−1)! இல்லை, (−0.5)! இருக்கிறது, அது √π.

யாராவது ஒப்படையில் Γ(−0.5) = ∫ … என்று எழுதி −2√π என்று விடை போட்டிருந்தால் நான் புள்ளி கொடுக்கமாட்டேன், விடை சரியாக இருந்தாலும்.

வந்தாறுமூலை_மாணவன்

அக்கா, இப்ப என் நிரலை எப்படித் திருத்துவது? h ஐக் குறைத்துக்கொண்டே போவதில் பயனில்லை என்று விளங்கிவிட்டது.

கல்லாற்றுக்காரி

கணினியைத் தொட முதல் t = u² என்று பிரதியிடுங்கள். dt = 2u du, கீழே √t = u, இரண்டும் வெட்டுப்பட்டு

Γ(1/2) = 2 ∫₀^∞ e^(−u²) du

பூச்சியத்தில் உயரம் 1, ஆபத்து போய்விட்டது. √π எங்கிருந்து வருகிறது என்பதும் இங்கே தெரியும், இதை இரண்டாம் வலுவாக்கி u, v தளத்துக்குப் போனால் u² + v² வரும், அது வட்டம். கையால் செய்யுங்கள், h = 0.5, ஏழு நடுப்புள்ளி போதும்: 0.25, 0.75, 1.25 … 3.25. கல்குலேட்டரில் e^(−u²) அடித்துக் கூட்டுங்கள். 0.939413, 0.569783, 0.209611, 0.046771, 0.006330, 0.000520, 0.000026. மொத்தம் 1.772454. h = 0.5 உம் முன்னால் உள்ள 2 உம் வெட்டுப்படும், ஆகவே அதுவே விடை. ஐந்து இலட்சம் துண்டு தராததை ஏழு துண்டு தந்துவிட்டது.

ஒலுவில்காரன்

சும்மா சொல்லாதீங்க என்று நினைத்து h = 1 போட்டுப் பார்த்தேன். நாலு புள்ளி, 1.7723. இது எப்படி?

கல்லாற்றுக்காரி

e^(−u²) இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே மாதிரி. பூச்சியத்தில் தொடங்கும் கூட்டல் உண்மையில் முழுக்கோட்டுக் கூட்டலின் பாதி, முழுக்கோட்டில் முனை என்று ஒன்றே இல்லை. துண்டுக் கூட்டலின் பிழை பெரும்பாலும் முனைகளில் இருந்துதான் வரும், முனை இல்லாவிட்டால் மிஞ்சுவது e^(−π²/h²) அளவுக்கு ஒன்று. h = 1 க்கே அது 5 × 10^(−5) அளவுதான், h = 0.5 க்கு 7 × 10^(−18).

உன்னிச்சை_வயல்

என் 172 ஐ மறந்துபோனீங்களா?

அக்கரைப்பற்று_நானா

GAMMA(172) என்றால் 171!. அது 10^309 தாண்டுகிறது, எக்செல் வைத்திருக்கும் எண்ணுக்கு 1.8 × 10^308 அளவில் கூரை. GAMMALN போட்டு மடக்கையாக எடுங்கள், வகுக்க வேண்டிய இடத்தில் கழியுங்கள், கடைசியில் மட்டும் EXP. மழைக்கு அவ்வளவு பெரிய எண் ஏன் வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

உன்னிச்சை_வயல்

முழுப் பருவத்தின் மொத்தத்துக்குப் பொருத்தும்போது வடிவம் மேலே போனது சேர். வருடக்கணக்கு போதாமலும் இருக்கலாம். கோப்பைத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்.

வந்தாறுமூலை_மாணவன்

Γ(1/3) க்கும் இதையே செய்தேன், t = u³ போட்டு 3 ∫ e^(−u³) du. h = 0.5 க்கு 2.6803 வருகிறது, வரவேண்டியது 2.6789. √π மாதிரி ஒட்டிப் பொருந்தவில்லை. ஒரே முறைதானே?

கல்லாற்றுக்காரி

முறை ஒன்று, சார்பு வேறு. u³ ஐ இடது பக்கம் மடித்துப் பார்த்தால் e^(−|u|³), பூச்சியத்தில் அதன் மூன்றாம் பெறுதி துள்ளும். அதாவது முனை மறையவில்லை, கொஞ்சம் மழுங்கியிருக்கிறது. பிழை h⁴ க்கு விகிதசமமாக வரும். h ஐ 0.25 ஆக்குங்கள், பிழை பதினாறில் ஒன்றாகக் குறைகிறதா என்று பார்த்து அந்த அட்டவணையையும் ஒப்படையில் சேருங்கள்.

வந்தாறுமூலை_மாணவன்

0.00135 இருந்தது 0.000085 ஆகிவிட்டது. சேர்த்துவிட்டேன்.